18 டன் தாங்க வேண்டிய வெல்டு 2 டன்னுக்கே விரிசல் விட்டது எப்படி? ஒரு பிராக்கெட்டின் ஃபில்லெட் கணக்கு

கோவையில் குறிச்சிப் பக்கம் ஒரு மெஷின் ஷாப். லேத்துக்குக் கனமான ஜாப்களைத் தூக்கி வைக்க, ஷெட்டின் இரும்புத் தூண்களில் பிராக்கெட் வெல்டு செய்து, அதில் 2 டன் கைச் செயின் பிளாக் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரு பிராக்கெட்டில் மேல் முனைக்குப் பக்கத்தில் பெயின்ட் கிழிந்து, அதன் வழியே துருநிறத்தில் ஒரு மெல்லிய கோடு இறங்கியிருந்தது. பெயின்ட்டைச் சுரண்டி டை பெனட்ரண்ட் அடித்துப் பார்த்ததில் சுமார் 30 மி.மீ. நீளத்துக்குச் சிவப்புக் கோடு தெளிவாக எழுந்தது. அந்த வெல்டின் அளவை ஆரம்பத்திலிருந்து திரும்பக் கணக்குப் போட்டதைத்தான் இங்கே முழுசாக எழுதுகிறேன், ஏனென்றால் இதே மாதிரி பிராக்கெட் இல்லாத பட்டறையே கிடையாது, எல்லா இடத்திலும் கணக்கு ஒரே இடத்தில்தான் பிசகுகிறது.

பிராக்கெட்டின் அமைப்பு ரொம்ப எளிது. 12 மி.மீ. தடிமனுள்ள பிளேட், 200 மி.மீ. உயரம், செங்குத்தாக நிற்கிறது. அதன் ஓரம் தூணின் ஃபிளாஞ்ச் மேல் முட்டுகிறது, இரண்டு பக்கமும் மேலிருந்து கீழ்வரை 200 மி.மீ. நீளத்துக்கு ஃபில்லெட் வெல்டு. கொக்கி மாட்டும் துளை தூணின் முகத்திலிருந்து 250 மி.மீ. தள்ளி இருக்கிறது. டிராயிங்கில் எழுதியிருந்தது: 6 மி.மீ. ஃபில்லெட், இரு பக்கமும்.

விரிசலைக் காட்டியதும் ஃபேப்ரிகேட்டர் நம்பவே இல்லை. "சார், ரெண்டு பக்கமும் சேர்த்து 400 எம்எம் வெல்டு இருக்குது, ஆறு எம்எம் லெக், கணக்குப் போட்டுப் பாருங்க, 18 டன் தாங்குமுங்க" என்றார். அவர் சொன்ன எண் தப்பில்லை. 6 மி.மீ. லெக்குக்கு த்ரோட் 4.2 மி.மீ., அதை 400ஆல் பெருக்கினால் 1680 சதுர மி.மீ., இந்தியத் தரநிலை ஐ.எஸ். 816 ஃபில்லெட் வெல்டுக்கு அனுமதிக்கும் ஷியர் ஸ்ட்ரெஸ் 108 எம்பிஏ. பெருக்கினால் 181 கிலோநியூட்டன், அதாவது 18 டன்னுக்குக் கொஞ்சம் மேலேயே வருகிறது. 2 டன் தூக்கும் இடத்தில் 18 டன் தாங்கும் வெல்டு இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அந்த 18 டன் எப்போது உண்மை என்றால், சுமை வெல்டின் மேலேயே, தூணின் முகத்தை ஒட்டி இறங்கினால் மட்டும்தான். இங்கே அது 250 மி.மீ. தள்ளித் தொங்குகிறது.

முதலில் த்ரோட் பற்றி ஒரு வார்த்தை. ஃபில்லெட் வெல்டை வெட்டிப் பார்த்தால் ஒரு செங்கோண முக்கோணம். பிளேட்டோடு ஒட்டும் பக்கமும் ஃபிளாஞ்சோடு ஒட்டும் பக்கமும் லெக். மூலையிலிருந்து, அதாவது ரூட்டிலிருந்து, வெல்டின் வெளிமுகத்துக்கு உள்ள மிகக் குறைந்த தூரம்தான் த்ரோட். இரண்டு லெக்கும் சமமாக, முகம் நேராக இருந்தால் அது லெக்கின் 0.707 மடங்கு, நம்ம தரநிலைகளில் 0.7 என்று எடுத்துக்கொள்வார்கள். வெல்டு கிழிந்தால் பெரும்பாலும் அந்தக் குறுகிய வழியாகத்தான் கிழியும், அதனால் எல்லா விசையையும் த்ரோட்டின் பரப்பின் மேல் வரும் ஷியர் என்றே எடுத்துக்கொள்வது வழக்கம், விசை எந்தத் திசையில் வந்தாலும் சரி. இது கொஞ்சம் கறாரான வழிதான். நீளத்துக்குக் குறுக்காக இழுக்கப்படும் ஃபில்லெட் உண்மையில் இதைவிட அதிகம் தாங்கும். ஆனால் பட்டறை வெல்டுக்கு இந்தக் கறார் தேவை.

இப்போது சுமை. 2 டன் என்றால் 19.6 கிலோநியூட்டன், செயின் பிளாக்கின் சொந்த எடையையும் சேர்த்தால் 20. கைச் செயின்தானே, அதிர்ச்சி எங்கே வரும் என்று கேட்கலாம். ஜாப் ஸ்டாண்டில் சிக்கிக்கொண்டு, செயின் இறுகி இறுகி, படக்கென்று விடுபடுவதை அந்த ஷாப்பிலேயே பார்க்கலாம். அதற்காக 25 சதவீதம் கூட்டி 25 கிலோநியூட்டன் என்று வைத்துக்கொண்டேன்.

வெல்டின் நீளத்திலும் முழு 200 மி.மீ. கணக்குக்கு வராது. ஆரம்பிக்கும் இடத்திலும் முடிக்கும் இடத்திலும் வெல்டு முழு அளவில் இருக்காது, முடிவில் பள்ளம் விழும். அதனால் ஒரு வெல்டுக்கு லெக்கைப்போல இரண்டு மடங்கு நீளத்தைக் கழித்துவிட வேண்டும். 6 மி.மீ. ஃபில்லெட்டுக்கு மிஞ்சுவது 188 மி.மீ.

கணக்கின் எலும்புக்கூடு இவ்வளவுதான். வெல்டுக்குத் தடிமனே இல்லாத ஒரு கோடு என்று வைத்துக்கொண்டு, ஒரு மி.மீ. நீளத்துக்கு எவ்வளவு நியூட்டன் வருகிறது என்று பார்த்துவிட்டு, கடைசியில் த்ரோட்டைக் கண்டுபிடிக்கிறோம்:

```
fs = P / (2·L)
fb = 3·P·e / L²
f  = √(fs² + fb²)
a  = f / τ
s  = a / 0.7
```

P சுமை, e தள்ளியிருக்கும் தூரம், L ஒரு பக்க வெல்டின் பயனுள்ள நீளம், a த்ரோட், s லெக், τ அனுமதிக்கப்பட்ட ஷியர் ஸ்ட்ரெஸ். இரண்டாவது வரியில் உள்ள 3 எங்கிருந்து வந்தது என்றால், இரண்டு செங்குத்துக் கோடுகளின் செக்‌ஷன் மாடுலஸ் L²/3, அது தலைகீழாகி மேலே வருகிறது. இந்தச் சூத்திரம் பிளேட்டின் ஓரம் தூணில் முட்டி நிற்கும் பிராக்கெட்டுக்கு மட்டும். பிளேட்டைத் தூணின் மேல் பக்கவாட்டில் ஒட்டவைத்துச் சுற்றி வெல்டு செய்திருந்தால் அங்கே முறுக்கு வரும், சூத்திரமே வேறு.

எண்களைப் போடுவோம். நேரடி ஷியர் 25,000ஐ 376ஆல் வகுத்தால் ஒரு மி.மீ.க்கு 66.5 நியூட்டன். வளைப்பால் வருவது: 25,000 × 250 என்பது 62.5 லட்சம் நியூட்டன்-மி.மீ., அதை மூன்றால் பெருக்கி 188இன் வர்க்கத்தால் வகுத்தால் 530 நியூட்டன். ஃபேப்ரிகேட்டர் பார்த்தது 66ஐ மட்டும். பார்க்காமல் விட்டது அதைப்போல எட்டு மடங்கு. இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருப்பதால் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 535. பாருங்கள், நேரடி ஷியர் சேர்ந்தும் மொத்தம் 5 நியூட்டன்தான் ஏறியிருக்கிறது. அதாவது இந்த பிராக்கெட்டில் வெல்டின் அளவை முடிவு செய்வது தூக்கும் எடை மட்டுமல்ல, எடையும் தூரமும் சேர்ந்த பெருக்கல்.

535ஐ 4.2 மி.மீ. த்ரோட்டால் வகுத்தால் 127 எம்பிஏ. அனுமதி 108. டிராயிங்கில் போட்டபடியே வெல்டு இருந்தாலும் போதாது என்பது இங்கேயே தெரிந்துவிட்டது.

சூத்திரத்தில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு இதைக் கையால் சரிபார்க்க வழி உண்டு. சுமை கீழே இழுக்கும்போது பிளேட்டின் மேல் பாதி தூணிலிருந்து பிய்த்துக்கொள்ளப் பார்க்கிறது, கீழ்ப் பாதி தூணை அமுக்குகிறது. இந்த இழுவைக்கும் அமுக்கத்துக்கும் நடுவில் உள்ள தூரம் வெல்டு நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 125 மி.மீ. சுமை 250 மி.மீ. தள்ளி இருக்கிறது, இது சரியாக இரண்டு மடங்கு, எனவே மேல் பாதியில் இழுவை 50 கிலோநியூட்டன். சுமார் 5 டன். அந்த 5 டன்னும் சமமாகப் பரவாது, நடுவில் சுழியம், உச்சியில் உச்சம். அதனால் உச்சியில் வருவது சராசரியைப்போல இரண்டு மடங்கு. பெருக்கிப் பார்த்தால் வளைப்புக்கு மட்டும் 126 வருகிறது, நேரடி ஷியரும் சேர்ந்தால் அதே 127.

இன்னொரு சோதனையும் செய்தேன், பிளேட்டில் வரும் வளைப்பு ஸ்ட்ரெஸ் எவ்வளவு என்று. 12 மி.மீ. தடிமன், 200 உயரம், அதற்கு 78 எம்பிஏ வருகிறது, பிளேட்டுக்கு அது ஒன்றுமே இல்லை. பிளேட் பலமாகத் தெரிவதால்தான் வெல்டும் பலமாக இருக்கும் என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் 12 மி.மீ. பிளேட்டில் ஓடி வரும் அதே விசை, தூணை எட்டும்போது 4.2 + 4.2 = 8.4 மி.மீ. த்ரோட் வழியாகத்தான் கடக்க வேண்டும், அதுவும் 200க்குப் பதில் 188 மி.மீ. நீளத்தில். 78 இப்படித்தான் 126 ஆகிறது.

சரி, டிராயிங் கணக்கு 127 என்று சொல்கிறது. வெல்டு உண்மையில் எப்படி இருந்தது? ஃபேப்ரிகேட்டர் தன் கேஜை எடுத்து லெக்கில் வைத்துக் காட்டினார், மேலேயும் 6, பக்கவாட்டிலும் 6. அதுவும் சரிதான். ஆனால் வெல்டின் முகம் உள்வாங்கிக் குழிந்திருந்தது. ஃபில்லெட் கேஜில் இரண்டு விதமான வெட்டு இருக்கும், ஒன்று லெக் அளக்க, இன்னொன்று நடுவில் முனை நீட்டிக்கொண்டிருக்கும், அது த்ரோட் அளக்க. குழிந்த வெல்டுக்கு இரண்டாவதைத்தான் வைக்க வேண்டும், அந்த முனை வெல்டின் நடுவைத் தொட வேண்டும். 6 மி.மீ.க்கான முனை நடுவைத் தொடவே இல்லை, கேஜுக்கும் வெல்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. 5 மி.மீ. பிளேடு வைத்ததும் தொட்டது. அதாவது லெக் 6 ஆக இருந்தாலும் வேலை செய்வது 5 மி.மீ. ஃபில்லெட்டின் த்ரோட்தான், 3.5 மி.மீ. 535ஐ 3.5ஆல் வகுத்தால் 153 எம்பிஏ.

இந்த 153 ஒரே தூக்கலில் வெல்டை உடைக்காது. வெல்டு உலோகத்தின் இழுவை வலிமை 400க்கு மேலே, அதனால் வருஷக்கணக்கில் ஒன்றும் ஆகாமல் ஓடியிருக்கிறது. 108 என்ற அனுமதி அசையாத சுமைக்கானது. தினம் பல முறை ஏற்றி இறக்கும் இடத்தில், ரூட்டில் வெல்டு உருகிச் சேராத சின்ன இடைவெளி ஒன்று எப்போதும் இருக்கும் நிலையில், அதையும் தாண்டி உச்சியில் இழுத்துக்கொண்டே இருந்தால் விரிசல் ரூட்டிலிருந்து மெதுவாக வெளியே வருகிறது. வெளியில் கண்ணுக்குத் தெரியும்போது அந்த இடத்தில் த்ரோட் முழுசாகக் கிழிந்திருக்கும்.

விரிசல் எங்கே ஓடுகிறது என்பதே ஒரு சாட்சி. இங்கே அது வெல்டு மணியின் நடு முதுகில் ஓடியது, அதாவது த்ரோட் வழியாகக் கிழிந்திருக்கிறது, த்ரோட் போதவில்லை என்று அர்த்தம். வெல்டின் விளிம்பில், ஃபிளாஞ்சோடு சேரும் கோட்டில் ஓடியிருந்தால் நான் வேறு காரணம் தேடியிருப்பேன்: அண்டர்கட், அல்லது பிராக்கெட் தூணின் வெப்புக்கு நேராக இல்லாமல் ஃபிளாஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, ஃபிளாஞ்சே வளைந்து கொடுப்பது. இந்தத் தூணில் பிளேட் வெப்புக்கு நேர் எதிரே இருந்தது, அந்த விஷயத்தில் செய்தவர் சரியாகச் செய்திருந்தார்.

குழிவுக்குக் காரணம் எனக்குத் தெரிந்தவரை வெல்டு செய்த திசை. மணியின் அலைகளைப் பார்த்தால் மேலிருந்து கீழே இழுத்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. வேகமாக முடியும், பார்க்க வழவழவென்று இருக்கும், ஆனால் உருக்கம் ஆழமாகப் போகாது, உலோகமும் மெலிதாகவே படியும். பார்வைக்கு அழகான இந்த வெல்டைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன்.

இப்போது புது அளவு. இங்கே ஒரு முக்கியமான விஷயம்: தூண் நிற்கிறது, வெல்டை அங்கேயே, ஏணியில் நின்றுதான் செய்ய வேண்டும். அனுமதி ஸ்ட்ரெஸ் முறையில் சைட் வெல்டுக்கு 80 சதவீதம்தான் எடுப்பார்கள், 108 என்பது 86 ஆகிவிடும். 535ஐ 86ஆல் வகுத்தால் த்ரோட் 6.2 மி.மீ., லெக் 8.9. அப்படியானால் 8 மி.மீ. வெல்டு பற்றாது. 10 மி.மீ. போட்டால் பயனுள்ள நீளம் 180 ஆகக் குறையும், ஒரு மி.மீ.க்கு 583 நியூட்டன், த்ரோட் 7, ஸ்ட்ரெஸ் 83. பாஸ், மயிரிழையில்.

ஐ.எஸ். 800:2007 முறையில் போட்டாலும் பார்க்கலாம் என்று போட்டேன். அதில் சுமையை 1.5ஆல் பெருக்கி, சைட் வெல்டுக்குப் பகுதிக் காரணி 1.5 எடுத்தால், 410 எம்பிஏ உலோகத்துக்கு வெல்டின் பலம் 158. 8 மி.மீ. வெல்டு அதில் 152 என்று தேறிவிடுகிறது. தரநிலைப்படி அது போதும்தான். ஆனால் தினமும் ஏற்றி இறக்கும் பிராக்கெட், ஏற்கெனவே ஒருமுறை விரிசல் விட்டது, அதனால் பழைய முறையின் 86ஐயே பிடித்துக்கொண்டேன்.

10 மி.மீ. வெல்டு என்றால் நின்ற நிலையில் மூன்று நான்கு ரன், நிறைய சூடு, ஃபிளாஞ்ச் இழுத்துக்கொள்ளும். வெல்டைப் பெருக்குவதற்குப் பதில் பிளேட்டை உயரமாக்கினால் என்ன? சூத்திரத்தில் L வர்க்கமாக இருக்கிறது, த்ரோட் வெறும் ஒரு மடங்கு. பிளேட்டை 250 மி.மீ. உயரமாக்கி, அதே 6 மி.மீ. ஃபில்லெட் போட்டால் பயனுள்ள நீளம் 238. வளைப்பால் வருவது 331 நியூட்டனாக இறங்குகிறது, நேரடி ஷியர் 53, மொத்தம் 335. 4.2ஆல் வகுத்தால் 80 எம்பிஏ. 86க்குள் வந்துவிட்டது, லெக்கில் ஒரு மி.மீ. கூட ஏற்றாமல்.

வெல்டு உலோகத்தின் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஏனென்றால் செலவும் சூடும் அதில்தான் இருக்கிறது. ஃபில்லெட்டின் வெட்டுப் பரப்பு லெக்கின் வர்க்கத்தில் பாதி. 10 மி.மீ.க்கு 50 சதுர மி.மீ., 400 மி.மீ. நீளத்துக்கு 20,000 கன மி.மீ. உலோகம். 6 மி.மீ.க்கு 18 சதுர மி.மீ., 500 மி.மீ. நீளத்துக்கு 9,000. பாதிக்கும் குறைவான ராடில், கூடுதல் பலம். பிளேட்டில் 50 மி.மீ. கூடுவது ஒரு செலவே இல்லை. இடம் இருந்தால் எப்போதும் உயரத்தைத்தான் முதலில் கூட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, வெல்டைப் பெருக்குவது வேறு வழியே இல்லாதபோது. தூணின் ஃபிளாஞ்சும் பிளேட்டும் 10க்கும் 20 மி.மீ.க்கும் நடுவில் இருப்பதால் தரநிலை கேட்கும் குறைந்தபட்ச ஃபில்லெட் 5 மி.மீ., 6 அதற்கு மேலே இருப்பதால் அந்தக் கவலையும் இல்லை.

பழைய பிராக்கெட்டை விரிசலின் மேல் ஒரு ரன் ஓட்டித் தப்பிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை, விரிசல் உள்ளேயே இருக்கும், மேலே ஒரு மூடி போட்டதுதான் மிச்சம். செயின் பிளாக்கைக் கழற்றிவிட்டு, பிராக்கெட்டை வெட்டி எடுத்து, தூணின் முகத்தைப் பளபளவென்று கிரைண்ட் செய்து, அங்கே விரிசல் எதுவும் தூணுக்குள் போகவில்லை என்று டை பெனட்ரண்டில் பார்த்துக்கொண்ட பிறகுதான் புது பிளேட். பிளேட் ஓரத்தை நேராக வெட்டச் சொன்னேன், கேஸ் கட்டிங்கில் அலை அலையாக வந்தால் தூணுக்கும் பிளேட்டுக்கும் நடுவில் இடைவெளி விழும். 2 மி.மீ. இடைவெளி இருந்தால் வெளியே 6 மி.மீ. என்று தெரியும் லெக்கில் 2 மி.மீ. வெறும் காற்றுக்கு மேலே நிற்கிறது, அப்போது லெக்கை 8 ஆக்கினால்தான் அசல் 6 கிடைக்கும்.

ராடு 7018, 3.15 மி.மீ., அடுப்பில் வாட்டி எடுத்தது. கீழிருந்து மேலே. மேல் முனையில் வெல்டை அங்கேயே நிறுத்தாமல், பிளேட்டின் தலையைச் சுற்றி மறுபக்கத்துக்குக் கொண்டுபோகச் சொன்னேன். நிறுத்தும் இடத்தில் விழும் பள்ளம், ஸ்ட்ரெஸ் உச்சமாக இருக்கும் அதே மூலையில் விழக் கூடாது என்பதற்காக; அப்படிச் சுற்றினாலும் கணக்கில் அந்த நீளத்தை நான் சேர்த்துக்கொள்ளவில்லை. வெல்டர் நல்ல கைக்காரர். முடித்ததும் த்ரோட் கேஜை அவரே வாங்கி மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தார், முனை எல்லா இடத்திலும் தொட்டது, முகம் லேசாக வெளியே புடைத்திருந்தது. அப்புறம் 2.5 டன்னைத் தொங்கவிட்டு நிறுத்தி, இறக்கி, மேல் முனையைத் திரும்ப டை பெனட்ரண்டில் பார்த்தோம். கோடு எதுவும் எழவில்லை.

அதே டிராயிங்கில் அதே கையால் செய்த பிராக்கெட் இன்னும் சில தூண்களில் இருந்தன. விரிசல் இல்லை, ஆனால் த்ரோட் எல்லாவற்றிலும் 3.5 பக்கம்தான். அவற்றின் கீழே ஏர் லைன் குழாய் ஓடுவதால் உடனே உயரத்தைக் கூட்ட முடியாது. அங்கே சுமையைக் குறைத்தோம். 1 டன் என்றால் சுமை பாதி, ஒரு மி.மீ.க்கு 267 நியூட்டன், 3.5ஆல் வகுத்தால் 76 எம்பிஏ, 86க்குள் இருக்கிறது. 2 டன் பிளாக்குகளைக் கழற்றி 1 டன் பிளாக் மாட்டி, பிளேட்டின் மேலேயே "1 டன்" என்று பெரிய எழுத்தில் பெயின்ட் அடித்தாயிற்று. குழாயை மாற்றும்போது அவற்றுக்கும் 250 மி.மீ. பிளேட் வரும்.